வாங்க, நடக்கலாம்! ஜூலை 6 முதல் நான்கு வாரம்

எல்லாருக்கும் வணக்கம். பசியாறியாச்சா?

நல்ல சேதி ஒன்று. ஜூலை 6, திங்கட்கிழமை நம் அலுவலக நடைப்போட்டி தொடங்குகிறது! ஆகஸ்டு 2 வரை நடக்கும். காலையில் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருக்கிறோம். எழும்போது ஆளுக்கு ஆள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த எண்ணமே வந்தது.

நான்கு பேர் ஒரு குழு. நால்வரும் அன்றாடம் நடந்த காலடிகளைக் கூட்டிச் சராசரி பார்ப்போம். 7,000 வந்தால் குழுவுக்கு ஒரு புள்ளி. இரவு 10 மணிக்குள் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் போதும், கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஏன் 10,000 இல்லை என்று சிலர் கேட்டார்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. தினம் 4,400 காலடி நடந்தவர்களிடமே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பலன் அவ்வளவாகக் கூடவில்லை. அதனால் பயப்படாமல் சேருங்கள். முட்டிவலி உள்ள அக்காமார், அண்ணன்மாருக்குத் தனிக்கணக்கு: இப்போது நடப்பதைவிட 1,000 அடி கூடினாலே 7,000 நடந்ததாகச் சேர்த்துக்கொள்வோம்.

எங்கே நடப்பது? போன வாரம் நான் எண்ணிப் பார்த்தேன். நம் கட்டட வாசலிலிருந்து துன் சம்பந்தன் சாலை ஐந்தடி நடைபாதையிலேயே நடந்து, பூக்கடைகளைத் தாண்டி, மோனோரயில் நிலையம் போய்த் திரும்ப 1,340 காலடி. மல்லிகைச் சரம் கட்டும் வாசனையோடு பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்! மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை, மாலை தேத்தண்ணிக்கு ஒரு நடை என்று போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடிந்தாச்சு. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் என்யூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் நடங்கள். சனி, ஞாயிறில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தித்திவங்சா ஏரிப்பக்கம் போகலாம்.

கடைசி நாள், ஆகஸ்டு 2 ஞாயிறு, எல்லாரும் சேர்ந்து பத்துமலை! காலை 7 மணிக்கு கேஎல் சென்ட்ரலில் கூடி கொமுட்டர் ரயில் ஏறுவோம். 272 படி ஏறி, முருகனைக் கும்பிட்டு, கீழே இறங்கித் தோசை சாப்பிடுவோம். படி ஏற முடியாதவர்கள் கீழே புறாக்களுக்குப் பக்கத்தில் காத்திருங்கள், இறங்கி வந்ததும் ஒன்றாகவே சாப்பிடலாம். முதலிடம் பிடிக்கும் குழுவுக்கு மறுநாள் மதியம் மேலாளர் செலவில் வாழையிலைச் சாப்பாடு.

குழுவுக்கு ஆள் கிடைக்கவில்லையா? உங்கள் பெயரை மட்டும் கொடுங்கள், நாங்கள் சேர்த்துவிடுகிறோம். புதிதாக வந்த தம்பி, தங்கச்சிகள் கூச்சப்பட வேண்டாம், உங்களைத்தான் முதலில் எதிர்பார்க்கிறோம்.

ஜூலை 2, வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் வாட்ஸ்ஆப் குழுவிலோ, 8-ஆம் மாடியில் கணக்குப் பிரிவிலோ பெயர் கொடுத்துவிடுங்கள். அப்புறம், அன்றைக்கு மின்தூக்கி வேண்டாம், படியேறியே வாங்க!

அன்புடன்,
கணக்குப் பிரிவு, 8-ஆம் மாடி