பத்து ஊசி

கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை பத்து ஊசிகளில் நூல் கோர்ப்பது. வெள்ளை நாலு, கறுப்பு நாலு, நீலம் ஒன்று, மண்ணிறம் ஒன்று. கோர்த்து, மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சுப் பொட்டலத்தில் வரிசையாகக் குத்தி வைப்பேன். தம்பிப்பிள்ளை மாமா வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவித் தெறி தைப்பார். திடீரென்று பேச்சை நிறுத்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் பத்தும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் எழும்பிப் போய் இன்னும் பத்துக் கோர்ப்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான். அவரும் கேட்டதில்லை, நானும் சொல்லிக் காட்டியதில்லை.

களுவாஞ்சிகுடிச் சந்தைத் தெருவில் எங்கள் கடை. 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்தியே மாமா தையலுக்கு வந்துவிட்டார். அந்தக் கார்த்திகையில் கடைக்கூரை பறந்து, மெஷின் மழையிலேயே கிடந்ததாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுத்த அதே மெஷினில்தான் இன்றைக்கும் மிதிக்கிறார். ஆனால் ஊரில் அவர் பெயர் எடுத்தது மெஷினால் இல்லை. இழையோட்டுவதில்தான். சிகரெட் நெருப்புப் பட்ட கால்சட்டை, எலி கடித்த சால்வை, எது வந்தாலும் அந்தத் துணியின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, ஓட்டை இருந்த இடத்தில் திரும்ப நெய்துவிடுவார். கிழிசல் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் சொந்தக்காரரே தடுமாறுவார்.

அது முன்பு. நான் வேலை பழக வந்த காலத்தில் இழையோட்டம் குறைந்து, பிறகு நின்றே போனது. யாராவது கொண்டு வந்தால், "இப்ப வாற துணி சரியில்ல, நூல் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு" என்பார். மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் வாங்கிய ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், 2. ரெடிமேட் சட்டையைக் கண்டால் "ஆருக்கோ அளவெடுத்து ஆருக்கோ போடுறது" என்று திட்டுகிற மனுசன், கண்ணாடியை மட்டும் கொத்தாகத் தொங்கினதில் ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சித்திரை கடைசியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஒரு பட்டுச் சீலையோடு வந்தார். அவருடைய அம்மாவின் சீலை. அலுமாரிக் கதவின் பூட்டில் மாட்டி, முந்தானைக்குக் கிட்ட, ஒரு தீப்பெட்டி அளவுக்கு மூலைமட்டம் போலக் கிழிந்திருந்தது.

"வைகாசியில கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு இதைத்தான் உடுக்கணும் எண்டு இரிக்கன்."

மாமா வெளிச்சத்துக்குப் பிடித்தார். நேராகப் பிடித்தார், பக்கவாட்டில் திருப்பினார், மறுபடி நேராக. துணியை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவருடைய பழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன்.

"இப்ப வாற பட்டு..." என்று தொடங்கினார்.

"இது நாப்பது வருசத்துப் பட்டு," என்றார் டீச்சர். "வகுப்பில கரும்பலகை தெரியாத பிள்ளையும் இப்பிடித்தான், சோக்கட்டி சரியில்ல எண்டு சொல்லும். நான் சீலையை இஞ்ச வெச்சிட்டுப் போறன். நீங்க முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க."

மாமாவிடம் இப்படிப் பேசக்கூடிய ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். நான் தெறிப்பெட்டிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் மாமாவும் பஸ் ஏறினோம். கல்லடிப் பாலம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பாலத்தில் ஏறியதும், "வெள்ளெழுத்துத்தானே மனே, நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வாறது, இதுக்கொரு டொக்டரா?" என்றார். நான் வாவியைப் பார்த்தேன்.

கண் பரிசோதித்தது ஒரு இளம் பிள்ளை. முதலில் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, புரை இப்போதுதான் தொடங்குகிறது, வெட்டத் தேவையில்லை என்றார். பிறகு சுவரில் ஒரு படம். மணிக்கூட்டு முள் போல நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள்.

"எல்லாக் கோடும் ஒரே கறுப்பாத் தெரியுதா ஐயா?"

"கிடையாக் கிடக்கிறது நல்ல கறுப்பு. நெட்டுக்கு நிக்கிறதை ஏன் பிள்ள சாம்பலில கீறி வெச்சிருக்கு?"

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. எனக்குத்தான் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை. துணியை எப்படிப் பிடித்தாலும் இரண்டில் ஒன்று அவருக்கு மங்கித்தான் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் அந்தத் திருப்பல். கண்ணின் முன்பக்கம் உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்தால் இப்படி வருமாம். கடையில் தொங்குகிற கண்ணாடியில் அதற்கு வழியில்லை. சோதனைச் சட்டகத்தில் ஒரு வில்லையைப் போட்டு மெல்லச் சுழற்றினார். ஓரிடத்தில் மாமா, "நில்லு, நில்லு" என்றார். கோடெல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டதாம்.

"வேலை செய்யக்க துணியை எவ்வளவு தூரத்தில பிடிப்பீங்க?"

மாமா சட்டைப்பையிலிருந்து தன் இஞ்சி ரேப்பை எடுத்தார். ஒரு நுனியை மூக்கடியில் வைத்து, இல்லாத ஊசியைப் பிடித்து, மறு நுனியை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்: 12 இஞ்சி. பேப்பர் வாசிக்கிற தூரம் 16 வந்தது. பேப்பருக்கு ஏற்ற பவர் ஊசிக்குக் காணாது என்று அந்தப் பிள்ளை விளக்கி, 12க்கே பார்த்து எழுதினார். வலக்கண் ஒரு இலக்கம், இடக்கண் வேறு இலக்கம். பிறகு இரண்டு கண்மணிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்தார். மாமா என் பக்கம் சாய்ந்து, "தோளளவு எடுக்காக மனே" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

கண்ணாடி வர ஒரு கிழமை எடுத்தது. முதல் இரண்டு நாள் தரை சரிந்து தெரிகிறது என்று புறுபுறுத்தார். மூன்றாம் நாள் காலை கடை விறாந்தையில், வெயில் நேரே விழாத பக்கமாக, சீலையை வளையத்தில் பூட்டினார். அவ்வளவு இறுக்கமாக இல்லை. இறுக்கினால் கழற்றும்போது சுருங்கும். இடுப்பில் செருகுகிற உள்நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி வெள்ளைத் தாளில் அடுக்கினார். தலைமயிரைவிட மெல்லியது. முதலில் பாவு. கிழிசலுக்கு அப்பால் கால் இஞ்சி தள்ளிப் பிடித்து, நல்ல துணிக்குள்ளேயே ஊசியை ஓட்டித் திரும்பினார். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் எள்ளளவு வளைவை இழுக்காமல் விட்டார்.

"ஏன் மாமா அது?"

"நூல் இழுபட இடம் வேணும். இல்லாட்டி ஒரு கழுவலோட கோணிரும்."

பிறகு ஊடை. ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். அடுத்த வரியில் மாற்றி. உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணுகிறார். மூன்று காலை அந்த வேலை. அந்த மூன்று நாளும் நான் கோர்த்து வைத்த ஊசிகள் பஞ்சில் அப்படியே இருந்தன. பட்டுக்குரிய ஊசியை அவரே கோர்த்தார், ஒரே தடவையில். முதல் தடவை கோர்த்ததும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வந்து சீலையை விரித்து, மடித்து, பிறகு திரும்பவும் விரித்தார். விரலால் தடவினார். கடைசியில் பின்பக்கம் புரட்டித்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். "சரி," என்று மட்டும் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மாமா கண்ணாடியைக் கழற்றி, சாரத்து நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை இல்லை, என் சட்டையை.

"இது நீ தைச்சதா?"

"ஓம் மாமா. போன வருசம்."

"கிட்ட வா."

கொலரைப் பிடித்துத் திருப்பினார். தோள் மூட்டைப் பார்த்தார். தெறி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவதில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, டெலிவரிக்குத் தொங்கிய ஆறு பள்ளிக்கூடச் சட்டைகளையும் கம்பியோடு கழற்றி என் மடியில் போட்டார்.

"கழற்று. எல்லாத்தையும் கழற்று மனே."

அவர் கையாலேயே பத்து ஊசிகளிலும் வெள்ளை நூல் கோர்த்து என் முன்னால் வைத்தார்.