வாசிப்புப் பயிற்சி: நகரும் தரை – ஆய்வாளர்களைக் கூற்றுகளோடு பொருத்துதல்

இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தியை ஒருமுறை வேகமாகப் படித்து, எந்தப் பெயர் எந்தப் பிரிவில் வருகிறது என்று அடிக்கோடிட்டபின் வினாக்களுக்குப் போங்கள். விடைகள் கடைசியில் இருக்கின்றன. எழுதி முடிக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பத்தி

1. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதை வரைபடம் பார்த்த பலரும் கவனித்திருக்கிறார்கள். அதை ஒரு கோட்பாடாக வளர்த்தவர் ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் வெகெனர். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின்னர் விலகின என்று 1912இல் அவர் அறிவித்தார்; 1915இல் நூலாகவும் எழுதினார். மெசோசாரஸ் என்ற சிறு ஊர்வனவின் புதைபடிவங்கள் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தன. அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கும் திறன் அதற்கு இல்லை. இரு நிலங்களும் அன்று ஒட்டியிருந்தன என்பதே வெகெனரின் விளக்கம். ஆனால் கண்டங்களைத் தள்ளியது எது? புவியின் சுழற்சியையும் நிலவு, சூரியனின் ஈர்ப்பையும் அவர் காரணமாகக் காட்டினார்.

2. அந்த விசைகள் மிகவும் வலுவற்றவை என்று பிரிட்டனின் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியானது. எனினும், வெகெனர் சொன்ன விசை போதாது என்பதாலேயே கண்டங்கள் நகரவில்லை என்று ஆகிவிடாது. பிற்காலத்தில் சான்றுகள் குவிந்து, புவியியலாளர்களில் பெரும்பாலோர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டபோதும், 1989இல் இறக்கும்வரை ஜெஃப்ரீஸ் இசையவில்லை.

3. பாறைகளின் வயதைக் கதிரியக்கத்தால் கணிப்பதில் தேர்ந்தவர் ஆர்தர் ஹோம்ஸ். அதே கதிரியக்கம் புவிக்குள் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தால் மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகப் பாறை மிக மெதுவாகச் சுழன்று ஏறி இறங்குகிறது. அந்தச் சலனம் கண்டங்களைச் சுமந்து செல்கிறது என்று 1920களின் இறுதியில் அவர் வாதிட்டார். அதைச் சோதித்துப் பார்க்க அன்று வழியில்லை. கடலின் அடித்தளம் எப்படியிருக்கும் என்பதே அப்போது ஏறத்தாழ யாருக்கும் தெரியாது.

4. அந்த இருளை விலக்கியதில் மேரி தார்ப்பின் பங்கு மகத்தானது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வகத்தில் அவர் பணியாற்றினார். பெண்களை ஆய்வுக் கப்பல்களில் ஏற்றாத காலம் அது. கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைப் புள்ளி புள்ளியாகத் தாளில் குறித்து, அட்லாண்டிக்கின் குறுக்கே வெட்டுத்தோற்றங்களை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக ஓடுவது 1952இல் அவர் கண்ணில் பட்டது. சக ஆய்வாளர் புரூஸ் ஹீசன் அதை வெறும் பெண்பேச்சு என்று தள்ளினார். கடலடிக் கேபிள் திட்டம் ஒன்றுக்காக நிலநடுக்க மையங்களைக் குறித்த வரைபடமும் அங்கேயே தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, நடுக்க மையங்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக அமைந்திருந்தன. ஹீசன் ஏற்றுக்கொண்டார்.

5. பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹாரி ஹெஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்குத் தலைமை தாங்கிப் பசிபிக்கில் பயணித்தார். படைவீரர்களை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலின் எதிரொலி ஆழமானியை ஓயாமல் இயக்கிவைத்து, தட்டையான உச்சி கொண்ட கடலடி மலைகளைக் கண்டறிந்தார். நடுக்கடல் மலைத்தொடரில் மூடகப் பொருள் மேலெழுந்து புதிய தரையாகிறது, பழைய தரை இருபுறமும் விலகி ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் உள்ளே செல்கிறது என்று 1962இல் எழுதினார்.

6. எரிமலைப் பாறை குளிரும்போது அக்கணத்துக் காந்தப்புலத்தின் திசை அதில் பதிந்துவிடும். புவியின் காந்தப்புலமோ அவ்வப்போது தலைகீழாகத் திரும்பக்கூடியது. ஹெஸ் சொன்னது உண்மையானால், மலைத்தொடரின் இருபுறமும் எதிரெதிர்த் திசைக் காந்தப் பட்டைகள் மாறி மாறி அமைந்திருக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர்மீது ஆய்வுக் கப்பலில் சென்று டிரம்மண்ட் மேத்யூஸ் திரட்டிய அளவுகளைக் கொண்டு, அவரும் அவருடைய மாணவர் ஃபிரெட் வைனும் இதை 1963இல் வெளியிட்டனர். கனடாவின் லாரன்ஸ் மோர்லி தனியாகவே இதே முடிவுக்கு வந்திருந்தார். அதே ஆண்டில் அவர் அனுப்பிய கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன.

வினாக்கள் 1–7

கீழுள்ள கூற்றுகளை உரிய ஆய்வாளரோடு பொருத்துக. எழுத்தை மட்டும் எழுதினால் போதும். ஓர் எழுத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் பயன்படுத்தலாம்.

அ. வெகெனர்
ஆ. ஜெஃப்ரீஸ்
இ. ஹோம்ஸ்
ஈ. தார்ப்
உ. ஹெஸ்
ஊ. வைனும் மேத்யூஸும்
எ. மோர்லி

1. இவருடைய கண்டுபிடிப்பை உடன் பணியாற்றியவரே முதலில் மதிக்கவில்லை.
2. துறையின் பொதுக்கருத்து மாறியபின்னும் இவர் தம் எதிர்ப்பைக் கைவிடவில்லை.
3. வேறொரு கடமைக்கான பயணத்தை ஆய்வுக்கும் பயன்படுத்திக்கொண்டார்.
4. கடலடித் தரை தெளிவாகத் தெரியவரும் முன்பே, கண்டங்களை நகர்த்தும் விசையின் மூலத்தைப் புவிக்குள் தேடினார்.
5. பிறர் வெளியிட்ட அதே கருத்தை எட்டியும் இவரால் அச்சில் கொண்டுவர முடியவில்லை.
6. தொலைவிலுள்ள இரு இடங்களில் கிடைத்த ஒரே உயிரினத்தின் எச்சங்களைச் சான்றாக்கினார்.
7. தாம் நேரில் செல்ல அனுமதியில்லாத இடத்தைப் பற்றிய உண்மையைப் பிறர் திரட்டிய தரவிலிருந்து கண்டார்.

விடைகளும் விளக்கமும்

1 – ஈ. பிரிவு 4. ஹீசன் தள்ளியதும் பின்னர் ஏற்றதும் அங்கே இருக்கின்றன. வெகெனர் என்று எழுதியவர்கள் கூற்றை மீண்டும் பாருங்கள்: அவரை மறுத்த ஜெஃப்ரீஸ் அவரோடு பணியாற்றியவர் என்று பத்தி எங்குமே சொல்லவில்லை. பத்திக்கு வெளியே தெரிந்ததையோ ஊகித்ததையோ விடையில் சேர்க்கக் கூடாது.

2 – ஆ. பிரிவு 2இன் கடைசி வாக்கியம்.

3 – உ. பிரிவு 5. மேத்யூஸும் கப்பலில் சென்றார் என்பதால் ஊ பலரை இழுக்கும். ஆனால் அவர் போனது ஆய்வுக்காகவே. ஹெஸ் போனது போருக்கு. கப்பல் இரண்டிலும் வருகிறது. ‘வேறொரு கடமை’ ஒன்றில்தான் வருகிறது.

4 – இ. இந்தத் தொகுப்பில் மிகக் கடினமானது இதுதான். நகர்த்தும் விசையைப் பற்றி வெகெனரும் பேசுகிறார், ஆனால் அவர் காட்டியது சுழற்சியும் ஈர்ப்பும். மூடகம் மேலெழுவதை ஹெஸ்ஸும் சொல்கிறார், ஆனால் 1962இல், கடலடித் தரை தெரியவந்தபின். கூற்றின் முற்பாதி ஹெஸ்ஸை விலக்குகிறது, பிற்பாதி வெகெனரை விலக்குகிறது. பாதியை மட்டும் படித்துப் பொருத்தியவர்களே இங்கே மதிப்பெண் இழப்பார்கள்.

5 – எ. பிரிவு 6. ‘திருப்பி அனுப்பிவிட்டன’ என்பது கூற்றில் ‘அச்சில் கொண்டுவர முடியவில்லை’ என்று மாறியிருக்கிறது. ஊ எந்தக் கூற்றுக்கும் பொருந்தாது. பட்டியலில் ஒரு பெயர் மிஞ்சுவது இவ்வகை வினாவில் இயல்பு, அதற்காக ஒரு விடையை வலிந்து மாற்றாதீர்கள்.

6 – அ. பிரிவு 1. ‘புதைபடிவங்கள்’ என்ற சொல்லைத் தேடினால் கூற்றில் கிடைக்காது. ‘எச்சங்கள்’ என்று வந்திருக்கிறது.

7 – ஈ. பிரிவு 4. முதல் விடைக்கு ஏற்கெனவே ஈ எழுதிவிட்டோமே என்று தயங்கி ஹெஸ்ஸுக்கோ மோர்லிக்கோ போனவர்கள் அறிவுறுத்தலின் கடைசி வரியைப் படிக்கவில்லை. ஹெஸ் கடலில் இருந்தார். மோர்லியின் தரவு எங்கிருந்து வந்தது என்று பத்தியில் இல்லை.