சுட்டி, மடக்கை டியூட்: படத்தில் உள்ள எட்டுக் கணக்குகளும் திருத்தத்தோடு

தம்பி, நேற்றிரவு நீர் அனுப்பின டியூட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கணக்கு வாசிக்கக்கூடியதாக இருக்கு. ஒன்பதாவதில் பாதி உம்முடைய பெருவிரல் நிழலுக்குள் போய்விட்டது. சனிக்கிழமை வெள்ளவத்தை வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இருந்து திருத்த நேரம் வராது. அதனால் இங்கேயே எழுதுகிறேன், கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியும். போனில் சுட்டியை மேலே தூக்கி எழுத வழியில்லை. 2^3 என்று போட்டால் இரண்டின் மூன்றாம் வலு என்று எடுத்துக்கொள்ளும். lg என்றால் வழமைபோல அடி 10.

கேள்வி 1. சுருக்குக:

(27^(2/3) × 9^(−1/2)) ÷ 3^(−2)

உம்முடைய விடை 3. சரியான விடை 27. நீர் 9^(−1/2) ஐ −3 என்றும், 3^(−2) ஐ −9 என்றும் எழுதியிருக்கிறீர். இரண்டு மறைக்குறியும் ஒன்றையொன்று வெட்டினதால் விடை நேராக வந்து, பிழை கண்ணில் படாமல் போய்விட்டது. மறைச்சுட்டி எண்ணை மறையாக்காது. இப்படிப் பாரும்:

3^2 = 9
3^1 = 3
3^0 = 1
3^(−1) = 1/3
3^(−2) = 1/9

ஒவ்வொரு படி இறங்கும்போதும் மூன்றால் வகுக்கிறோம். எவ்வளவு கீழே போனாலும் பூச்சியத்தைத் தொடாது, அதற்குக் கீழே போகவும் மாட்டாது. இந்த விஷயம் நாலாம் கேள்வியில் திரும்பவும் வரும், ஞாபகம் வையும்.

இப்போது எல்லாவற்றையும் அடி 3 க்குக் கொண்டுவாரும். 27 = 3^3, ஆகவே 27^(2/3) = 3^2. 9 = 3^2, ஆகவே 9^(−1/2) = 3^(−1).

3^2 × 3^(−1) ÷ 3^(−2) = 3^(2 − 1 + 2) = 3^3 = 27

வகுக்கும்போது சுட்டியைக் கழிக்கிறோம். −2 ஐக் கழித்தால் +2.

கேள்வி 2. சுருக்குக:

(8a^6 b^(−3))^(2/3) × a^(−1) b^2

a, b இரண்டும் சரி. முன்னால் நிற்கிற 8 ஐ மட்டும் 2/3 ஆல் பெருக்கி 16/3 என்று எழுதிவிட்டீர். 8 சுட்டி இல்லை, அதுவும் அடைப்புக்குள் இருக்கிற ஒரு காரணி. அதற்கும் வலு ஏறவேண்டும். 8 இன் கனமூலம் 2, அதன் வர்க்கம் 4.

4a^4 b^(−2) × a^(−1) b^2 = 4a^3

கேள்வி 3. பெறுமானம் காண்க: 2 lg 5 + lg 12 − lg 3

விடை 2. சரிதான். ஆனால் உம்முடைய மூன்றாவது வரி இப்படி இருக்கு:

lg 300 − lg 3 = (lg 300) / (lg 3)

இதுக்குப் புள்ளி வெட்டுவேன், பரீட்சகரும் வெட்டுவார். மடக்கை அட்டவணையில் பார்த்தால் lg 300 = 2.4771, lg 3 = 0.4771. கழித்தால் 2. ஒன்றை மற்றதால் வகுத்தால் 5 ஐயும் தாண்டும். வகுத்தல் நடக்கவேண்டியது மடக்கைக்கு உள்ளே:

2 lg 5 + lg 12 − lg 3
= lg 25 + lg 12 − lg 3
= lg (25 × 12 / 3)
= lg 100 = 2

இந்த விதிகளை நீர் தனியாகப் பாடமாக்கியிருக்கிறீர் போல, அதுதான் உள்ளே வெளியே குழம்புது. மடக்கை என்பது சுட்டிதான், வேறொன்றுமில்லை. M = 10^p, N = 10^q என்று எடும். அப்போது lg M = p, lg N = q. இரண்டையும் பெருக்கினால் MN = 10^(p+q). ஆகவே lg (MN) = p + q = lg M + lg N. முடிந்தது. எண்களைப் பெருக்கினால் சுட்டிகள் கூடும், வகுத்தால் கழியும். M ஐ k தரம் பெருக்கினால் சுட்டி k மடங்காகும், அதுதான் lg (M^k) = k lg M. ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் நேப்பியர் 1614 இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டதே பெரிய பெருக்கலைக் கூட்டலாக மாற்றி வேலையைக் குறைக்கத்தான். அடி 10 க்கு அதைக் கொண்டுவந்த பெருமை ஹென்றி பிரிக்ஸுக்கு. அவர் லண்டனில் இருந்து எடின்பரோ வரை போய் நேப்பியரைச் சந்தித்தவர்.

ஒன்று கவனியும்: எண்களைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. lg (M + N) க்கு விதியே கிடையாது. 2^a + 2^b க்கும் கிடையாது. இந்தப் பக்கத்தில் உமக்குப் போன புள்ளிகளில் கனக்க, இல்லாத விதியைப் பாவித்ததால் போனவை.

கேள்வி 4. தீர்க்க: log₂ x + log₂ (x − 2) = 3

இங்கே நல்லாகச் செய்திருக்கிறீர்.

log₂ x(x − 2) = 3
x² − 2x = 2^3
x² − 2x − 8 = 0
(x − 4)(x + 2) = 0

பிறகு x = 4 அல்லது x = −2 என்று எழுதி, கீழே இரட்டைக்கோடும் போட்டாயிற்று. அந்தக் கோட்டை அவசரப்பட்டுப் போட்டுவிட்டீர். −2 ஐத் தொடக்கச் சமன்பாட்டில் போட்டுப் பாரும்: log₂ (−2) என்று வரும். இரண்டை எந்த வலுவுக்கு உயர்த்தினால் −2 வரும்? வராது. முதலாம் கேள்வியில் பார்த்த படிக்கட்டு பூச்சியத்துக்குக் கீழே போகவில்லையே. ஆகவே x = 4 மட்டும். சரிபார்த்தால் log₂ 4 + log₂ 2 = 2 + 1 = 3.

மடக்கைச் சமன்பாடு எதிலும் கடைசி வரியாக "x > 2 ஆக இருக்கவேண்டும், ஆகவே x = −2 பொருந்தாது" என்று ஒரு வசனம் எழுதும். விடையை வெறுமனே வெட்டிவிட்டால் போதாது, ஏன் வெட்டினீர் என்றும் தெரியவேண்டும்.

கேள்வி 5. இதில்தான் எனக்குக் கனநேரம் போனது. தாளின் மடிப்பு சரியாகச் சுட்டிக்கு மேலே விழுந்திருக்கு. 2^(x+3) = 64 ஆ, 2^x + 3 = 64 ஆ என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. x உம் 3 உம் ஒரே உயரத்தில் நிற்கிறமாதிரித் தெரியுது, அதனால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால்:

2^(x+3) = 2^6
x + 3 = 6
x = 3

இரண்டாவது என்றால் 2^x = 61. 61 இரண்டின் வலு இல்லை, மடக்கை எடுத்து x = 1.7853 / 0.3010, கிட்டத்தட்ட 5.93 என்று போகும். டியூட்டில் அட்டவணைக் கணக்குகள் ஏழாம் இலக்கத்தில்தான் தொடங்குது, அஞ்சாவதில் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். தாளை நிமிர்த்திப் பார்த்து உறுதிப்படுத்தும்.

நீரும் முதலாவதாகத்தான் வாசித்திருக்கிறீர், ஆனால் அடுத்த வரியில் 2^(x+3) ஐ 2^x + 2^3 என்று பிரித்து, 2^x = 56 இல் வந்து நின்றுவிட்டீர். சுட்டியில் கூட்டல் இருந்தால் கீழே பெருக்கல்: 2^(x+3) = 2^x × 8. அப்படிப் பிரித்தாலும் 2^x = 8, x = 3 என்று அதே விடைதான் வரும்.

கேள்வி 6. தீர்க்க: 9^x − 12·3^x + 27 = 0

9^x = (3^x)² என்று கண்டுபிடித்ததற்கு முழுப் புள்ளி. அதுதான் இந்தக் கணக்கின் திறப்பு. y = 3^x என்று வைத்து,

y² − 12y + 27 = 0
(y − 3)(y − 9) = 0
y = 3 அல்லது y = 9

இதோடு பேனையை வைத்துவிட்டீர். y ஐ நாங்கள்தான் கொண்டுவந்தோம், கேட்டது x. 3^x = 3 என்றால் x = 1. 3^x = 9 என்றால் x = 2. இங்கே இரண்டும் பொருந்தும். y பூச்சியமாகவோ மறையாகவோ வந்திருந்தால் மட்டும் விடவேண்டும்.

கேள்வி 7. தீர்க்க: 5^x = 3^(x+1)

இரண்டு பக்கத்தையும் ஒரே அடிக்குக் கொண்டுவர முடியாது என்று எழுதி விட்டுவிட்டீர். முடியாதுதான், அதுக்குத்தான் மடக்கை.

x lg 5 = (x + 1) lg 3
x lg 5 − x lg 3 = lg 3
x (0.6990 − 0.4771) = 0.4771
x = 0.4771 / 0.2219 ≈ 2.15

முதல் வரியில் (x + 1) க்கு அடைப்புப் போட மறக்கவேண்டாம். அடைப்பு இல்லாவிட்டால் lg 3 ஒன்றை மட்டும் பெருக்கி, அந்த x தனியாக நிற்கும், பிறகு எல்லாம் பிழைக்கும்.

கேள்வி 8. ரூ. 100 000 ஆண்டுக்கு 8% கூட்டு வட்டிக்கு வைப்பிலிடப்படுகிறது. வட்டி ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் சேர்க்கப்படும். தொகை குறைந்தது இரு மடங்காக எத்தனை முழு ஆண்டுகள் தேவை?

சமன்பாடு சரி, மடக்கை சரி:

1.08^n = 2
n = lg 2 / lg 1.08 = 0.3010 / 0.0334 ≈ 9.01

பிறகு "கிட்டிய முழுவெண்ணுக்கு 9" என்று எழுதியிருக்கிறீர். சாதாரணமாக அப்படித்தான் மட்டந்தட்டுவோம், இங்கே அது சரிவராது. 1.08^9 ஐப் பெருக்கிப் பார்த்தால் 1.9990. ஒன்பதாம் ஆண்டு முடிவில் கையில் ரூ. 199 900 சொச்சம். இரண்டு லட்சத்துக்கு நூறு ரூபா காணாது! வட்டி ஆண்டு முடிவில்தான் சேரும், ஆகவே அந்த நூறு ரூபாவுக்காக இன்னும் ஒரு முழு ஆண்டு இருக்கவேண்டும். விடை 10 ஆண்டுகள். அப்போது தொகை ரூ. 215 892 ஐத் தாண்டும். "குறைந்தது" என்ற சொல் கேள்வியில் இருந்தால் மேல்நோக்கித்தான் எடுக்கவேண்டும். 9.01 ஆனாலும் மேலேதான்.

பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் இல்லை என்பதால் 7, 8 இரண்டையும் அட்டவணையை வைத்து இன்னொரு தரம் செய்யும். போனில் தட்டி விடை எடுத்திருக்கிறீர் என்று ஓரத்தில் எழுதின எட்டுத் தசமதானமே சொல்லுது.

ஒன்பதாம் கேள்வியைப் பகல் வெளிச்சத்தில், தாளை மேசையில் விரித்து, நேர் மேலே இருந்து எடுத்து அனுப்பும். சனிக்கிழமைக்கு முன் இந்த இரண்டையும் செய்து வாரும்:

25^x − 6·5^x + 5 = 0

log₃ x + log₃ (x − 6) = 3

முதலாவதில் ஒரு விடை பூச்சியமாக வரும். அதைப் பிழை என்று நினைத்து வெட்டவேண்டாம். இரண்டாவதில் ஒன்றை வெட்டத்தான் வேண்டும், காரணத்தையும் எழுதும்.