சேலம் ஜவ்வரிசி: 14ஆம் எண் ஸ்டாலில் பேசியது

வாங்கம்மா, வாங்கண்ணா, வணக்கம். ஒரு நிமிஷம் நின்னு இந்த ரெண்டு தட்டுல இருக்கிற ஜவ்வரிசியையும் பாருங்க. ஒண்ணு சுண்ணாம்பு மாதிரி பளீர்னு இருக்கு, இன்னொண்ணு கொஞ்சம் மங்கல். நாங்க விக்கிறது மங்கலா இருக்கிறதுதான்.

ஜவ்வரிசி செய்யறது குச்சிக்கிழங்குல, அதான் மரவள்ளிக்கிழங்குல. அதைப் பிடுங்கி ரெண்டு மூணு நாள் போட்டு வெச்சா உள்ளே நீலக்கறுப்பா கோடு விழும். அதை அரைச்சா மாவு நிறம் கெடும், அதை மறைக்க வெளுப்பு மருந்து போடுறவங்க இருக்காங்க. எங்க கிழங்கு ஆத்தூர்ப் பக்கத்துக் காட்டுல பிடுங்கின மறுநாளே அரவைக்குப் போயிடும். தோல் சீவி, கழுவி, அரைச்சு, பாலைத் தொட்டியில தெளிய விட்டு, படிஞ்ச மாவைக் குலுக்கி உருட்டி, ரகத்துக்குத் தக்க வறுத்தோ ஆவியில வேக வெச்சோ வெயில்ல காயவைக்கிறோம். ஒரு பிடி அள்ளி மோந்து பாருங்க. புளிச்ச வாடை வந்தா பால் தொட்டியில கிடந்து புளிச்சிருக்குன்னு அர்த்தம். இதுல அது வராது.

2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தப் பேருக்குத் தக்க சரக்கா இருக்கணும்ங்கிறதுதான் எங்க கவனமெல்லாம்.

பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் நைலான் ஜவ்வரிசி, வடாமுக்கு மாவு ஜவ்வரிசி. மாத்தி வாங்கிடாதீங்க. உப்புமா பசையாப் போகுதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. காரணம் தண்ணி அதிகம். வெள்ளைத் தண்ணி தெளியும் வரை அலசி, ஜவ்வரிசி மட்டத்துக்கு மட்டும் தண்ணி விட்டு மூணு நாலு மணி நேரம் ஊற வைங்க. விரல்ல நசுக்கினா நடுவுல கட்டி இல்லாம நசுங்கணும், அதுதான் பதம்.

வடாமுக்கு, ஒரு டம்ளரை ராத்திரியே ஊற வெச்சு, காலையில அஞ்சு டம்ளர் தண்ணி கொதிக்க விட்டுக் கிளறுங்க. நடுவுல வெள்ளைப் புள்ளி மறையுற வரை வேகணும், இல்லேன்னா காயும்போது வெடிச்சுடும். உப்பைச் சாப்பாட்டுக்குப் போடறதைவிடக் குறைச்சே போடுங்க, காய்ஞ்சா தூக்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைச்ச பிறகு. மேலே காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அவசரப்படாதீங்க, ரெண்டு பக்கமும் திருப்பி மூணு நாள் வெயில் வேணும். உடைச்சா நொறுங்கணும், வளையக்கூடாது. ஈரம் இருந்தா பொரிக்கும்போது நடுவு பொரியாது, டப்பாவுல பூஞ்சை பிடிக்கும்.

அரைக் கிலோ 45 ரூபா, ஒரு கிலோ 85. ரெண்டு ரகமும் ஒரே விலை. பாக்கெட்டு மேல பேக் பண்ணின தேதி இருக்கு, பாத்து வாங்குங்க. வீட்டுக்குப் போனதும் காத்துப் புகாத டப்பாவுக்கு மாத்திடுங்க. கடைக்கு எடுக்கிறவங்களுக்கு 25 கிலோ மூட்டையும் இருக்கு, விலை தனியாப் பேசிக்கலாம்.

இந்தாங்கம்மா, இப்பத்தான் பொரிச்ச வடாம், ஒண்ணு எடுத்துக்கங்க. தம்பி, நீயும் எடுத்துக்கோப்பா.