மாப்பிள்ளை குமரேசா, இது நீ எழுதியது அல்ல

குமரேசா, நேற்று இரவு 11.40 மணியிலிருந்து பேஸ்புக்கில் உன் பெயரில் நான்கு பதிவுகள் வந்திருக்கின்றன. நான்கிலும் இணைப்புகள். ஒன்றைக்கூட நீ போட்டிருக்க மாட்டாய். ஒன்பது மணிக்கே படுத்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்குச் செக்கடிக்குப் போகிறவன் நீ. உன் கணக்கு வேறு யார் கையிலோ சிக்கியிருக்கிறது.

காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. களத்தில் கொப்பரை கிளறிக்கொண்டிருப்பாய், செக்குச் சத்தத்தில் கேட்டிருக்காது. தங்கச்சியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், பதற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். இதை மெசஞ்சரில் அனுப்பியிருக்கலாமே என்று நினைக்காதே. அங்கே அனுப்பினால் உனக்கு முன்னால் அவன்தான் படிப்பான். இங்கேயும் படிப்பான், அழிக்கவும் செய்வான். அதற்குள் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆட்கள் நாலு பேர் பார்த்துவிட்டால் எனக்குப் போதும். நான்கு பதிவுகளையும் நேரம் தெரியும்படி படம் பிடித்து வைத்திருக்கிறேன், பின்னால் உனக்குத் தேவைப்படும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே ஒரு அண்ணன் "எண்ணெய் விற்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு" என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவர் "மூன்று மணி நேரத்தில் 5,000 ரூபாய் 50,000 ஆனது" என்ற பதிவுக்கு வாழ்த்தே சொல்லியிருக்கிறீர்கள்! இருவருமே குமரேசனிடம் பேசவில்லை. அந்தப் பதிவுகளை எழுதியது வேறு ஆள். குமரேசனுக்கு லாபம் வந்திருந்தால் அதை முதலில் டிராக்டர் தவணைக்குத்தான் கட்டியிருப்பான், ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டான்.

நான்கில் எனக்குப் பெரிய கவலை தருவது, நாற்பது பேரைக் கோத்துவிட்டு "இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?" என்று கேட்கும் பதிவு. அதைத் தொட்டால் வீடியோ எதுவும் வராது. பேஸ்புக் நுழைவுப் பக்கம் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நம்மிடம் எதற்காகக் கேட்கிறது என்று யோசிக்காமல் தட்டிவிடுவோம். தட்டிய எழுத்துகள் நேரே அவனிடம் போய்விடும். பிறகு நம் பெயரில் இதே பதிவு நம் உறவுக்காரர்களுக்குப் போகும். மாப்பிள்ளை மாட்டியதும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் பெயரில் வந்தால் யாருக்கும் கை போகத்தான் செய்யும். தாராபுரத்தில் இருக்கும் என் சித்தப்பா இன்று காலை அதே பதிவைத் தொட்டுவிட்டு, பாஸ்வேர்டு மறந்துபோனதால் தப்பித்தார். மறதிக்கு ஒரு கும்பிடு.

விவசாயிகள் உதவித்தொகை என்று போட்டிருக்கும் பதிவும் பொய். பி.எம். கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 வீதம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதை வாங்குவதற்கு யாருடைய பேஸ்புக் பதிவிலிருந்தும் செயலி இறக்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் உண்மையான முகவரி pmkisan.gov.in. இவன் போட்டிருக்கும் முகவரியிலும் pmkisan என்ற எழுத்து நடுவில் இருக்கிறது, ஆனால் gov.in என்று முடியவில்லை. தொட்டவுடன் .apk என்று முடியும் ஒரு கோப்பு இறங்குகிறது. அதை நிறுவி, கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்தால் உங்கள் குறுஞ்செய்திகளை அவன் படிப்பான், வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அதில் சேர்த்தி. யாராவது ஏற்கெனவே நிறுவியிருந்தால் முதலில் போனின் இணையத்தை நிறுத்துங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் கை மாறிக்கொண்டே இருப்பதற்குள் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பயன் குறைந்துவிடும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

குமரேசன் பெயரில் மெசஞ்சரில் 8,000 ரூபாய் கேட்டு யாருக்காவது வந்திருந்தால் அனுப்பாதீர்கள். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லி அந்தத் திருடன் என்னிடமும் கேட்டான். குமரேசன் என்னை "நீங்கள்" என்று கூப்பிட்டதாக நாற்பது வருடத்தில் சரித்திரமே இல்லை. அங்கேயே பிடிபட்டுவிட்டான்.

இப்போது உனக்கு, மாப்பிள்ளை. போனை எடுத்ததும் அவனுடன் சண்டை போட்டு எதுவும் எழுதாதே. எப்போதும் பேஸ்புக் பார்க்கும் அதே போனிலிருந்து facebook.com/hacked என்ற முகவரியை நீயே தட்டி உள்ளே போ. பழகிய போன் என்றால் உன்னை அடையாளம் காண்பது சுலபம். அவன் உன் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருந்தால் பழைய முகவரிக்கு பேஸ்புக்கிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். மாற்றியது நான் அல்ல என்று சொல்லும் வழி அதிலேயே இருக்கும், குப்பை அஞ்சல் பெட்டியிலும் தேடிப் பார். உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்று, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. அவன் தன் மின்னஞ்சலையோ போன் எண்ணையோ உன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தால் அதே வாசல் வழியாகத் திரும்பி வருவான். அதைப் பார்த்து நீக்கு. பிறகு இரண்டடுக்குப் பாதுகாப்பை வைத்துக்கொள்.

கடைப் பக்கத்தை மறந்துவிடாதே. தீபாவளிக்கு எண்ணெய் விளம்பரம் கொடுத்தாயே, அதில் உன் வங்கி அட்டை சேர்ந்திருக்கிறது. உன் பெயரைவிட அவனுக்கு அதுதான் ருசியான பொருள். கணக்கு கைக்கு வருகிறவரை காத்திருக்காமல் அட்டையை இன்றே வங்கியில் சொல்லி நிறுத்திவிடு. அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் (வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும்) அவற்றையும் மாற்று.

இன்னொன்று. இந்தக் கருத்துக்குக் கீழேயே "எனக்கும் இப்படி நடந்தது, ஒரு நிபுணர் பத்து நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தார்" என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுவார்கள். கணக்குப் பறிபோனது என்று எங்கே எழுதினாலும் ஈ மொய்ப்பது போல வந்துவிடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற கூட்டம் அது. யாரும் பதில் சொல்ல வேண்டாம். குமரேசனின் போன் எண்ணையும் உதவி என்று நினைத்து இங்கே எழுத வேண்டாம். தெரிந்தவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், அவனைப் போனில் கேளுங்கள். எண்ணெய் பாக்கி கொடுக்க வேண்டியவர்களும் நேரில் கடையில் கொடுங்கள், புதிதாக வரும் எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள்.

மாப்பிள்ளை, சோமனூரில் தறிக்கு உதிரிச் சாமான் வாங்குகிற வேலை முடிந்ததும் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன். மூலை உடைந்த உன் பழைய போனை எங்கே வைத்தாய் என்று தங்கச்சியிடம் கேட்டுத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு வை. அதிலும் பேஸ்புக் திறந்தே இருந்த ஞாபகம் எனக்கு.

நடராஜ்