மார்ச் 9 முதல் 15 வரை நான் விடுப்பு, கடையைச் செந்தில் பார்த்துக்கொள்வார்

வணக்கம் மேடம்,

அம்மாவுக்கு மார்ச் 9 திங்கட்கிழமை மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. கூட இருந்து கவனிக்க என்னை விட்டால் ஆள் இல்லை, அதனால் 9 முதல் 15 ஞாயிறு வரை லேப்டாப்பைத் திறக்கப் போவதில்லை. 16 காலை வழக்கம்போல் வந்துவிடுவேன்.

அந்த வாரம் தளத்தைச் செந்தில் பார்த்துக்கொள்வார். அவரும் என்னைப் போலத் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்தான். உங்கள் செக்அவுட் பக்கத்தை மாற்றியபோது என்னோடு சேர்ந்து செய்தார், ஆகவே கடை அவருக்குப் புதிதில்லை. இந்த மெயிலிலேயே அவரையும் சேர்த்திருக்கிறேன். அவருக்கான பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், உங்களுக்குத் தனி பில் வராது.

அவரிடம் நான் சொல்லியிருப்பது, கடை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், புதிதாக எதையும் தொட வேண்டாம் என்பதுதான். ப்ளகின் அப்டேட் எல்லாம் 16க்கு அப்புறம். அவசரப் பாதுகாப்பு அப்டேட் ஏதாவது வந்தால் மட்டும், பேக்கப் எடுத்துவிட்டுப் போடுவார். என் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. அவர் பெயரில் தனி லாகின் உருவாக்குகிறேன், தளம் முடங்கினால் ப்ளகினை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அது Administrator ஆகத்தான் இருக்கும். திரும்பி வந்த அன்றே அதை நீக்கிவிடுவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் ஆட்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டர் Pending payment என்றே நிற்கிறது என்று யாராவது கூப்பிட்டால், பேமெண்ட் கேட்வேயிலிருந்து தகவல் நம் தளத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால், ஸ்டாக் பிடித்துவைக்கும் நேரம் முடிந்ததும் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும், அந்தப் பொருளை வேறு ஒருவர் வாங்கிவிடவும் கூடும். அதனால் காத்திருக்காமல் உடனே ஆர்டர் எண்ணோடு செந்திலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் கேட்வே கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் Processing என்று மாற்றுவார், வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி யாரும் மாற்ற வேண்டாம்.

14 சனிக்கிழமை தள்ளுபடிக்கு நான் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். சலுகை விலைகளுக்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதற்கு விலைப் பட்டியலும் பேனர் படங்களும் 4ஆம் தேதி புதன்கிழமைக்குள் கையில் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் சரிபார்க்க நேரம் இருக்காது. 14 காலை விலை மாறியிருக்கிறதா என்று செந்தில் ஒரு ஆர்டர் போட்டே பார்த்துவிடுவார்.

செந்தில் காலை 9 முதல் இரவு 8 வரை வாட்ஸ்அப்பில் இருப்பார். மற்ற நேரத்தில் தளம் திறக்கவில்லை, பணம் கட்ட முடியவில்லை என்றால் தயங்காமல் போன் செய்யுங்கள், எடுப்பார். அவராலும் முடியாத நிலை வந்தால் என்னை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை நாம் மூவரும் ஒரு பதினைந்து நிமிடம் கூகுள் மீட்டில் பேசிவிடலாமா? 5 மணி உங்களுக்குச் சரி என்றால் லிங்க் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா