கல்யாண வாசல் படம்: வேட்டி, அங்கவஸ்திரக் குறிப்பு

அன்புள்ள தம்பி,

நம் சிறுவர் கதைப் புத்தகத்தின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் பக்கத்துக்கான பென்சில் படம் வந்தது. பந்தலும் வாழைமரமும் கூட்டமும் நன்றாக அமைந்திருக்கின்றன. முகங்களில் கை வைக்க வேண்டாம். ஆண்களின் உடைதான் சரியில்லை. எல்லோருக்கும் ஒரே வெள்ளைப் பாவாடை மாட்டி, தோளில் ஒரு ரிப்பன் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது. கதை நடப்பது 1958 தை மாதம், கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில். அந்த வாசலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உடுத்தியிருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெண்ணின் அப்பா. படத்தின் நடுவில் கைகூப்பி நிற்பவர் அவர்தான், அதனால் அவருடைய வேட்டி சரியானால் பாதிப் படம் சரியாகிவிடும். அவர் கட்டியிருப்பது எட்டு முழ வேட்டி. முழம் என்பது ஒன்றரை அடி, ஆக நீளம் 12 அடி. அதை இரண்டாக மடித்து 6 அடியாக்கிக்கொண்டு கட்டுவார்கள். இரட்டைத் துணி என்பதால் கால் உள்ளே தெரியாது. நீங்கள் தொடையின் வடிவத்தை நிழலில் காட்டியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள்.

கட்டும் விதம் இது. துணியை முதுகுக்குப் பின்னால் விரித்து இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடிக்கிறார். வலக்கையில் இருக்கும் முனையை வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோய் இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். பிறகு இடக்கை முனையை அதன் மேலாக வலப்பக்கம் இழுத்து வலது இடுப்பில் செருகுகிறார். துணி இடுப்பைக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று சுற்றிவிடும். ஆகவே வேட்டியின் திறப்பு அவருடைய வலது முன்தொடைப் பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம். உங்கள் படத்தில் திறப்பு நட்டநடுவில் இருக்கிறது. நடுவில் திறந்தால் நாலடி நடப்பதற்குள் வேட்டி அவிழ்ந்துவிடும்.

மடிப்புக் கோடுகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதைக் கவனியுங்கள். துணியை இழுத்துச் செருகிய இடம் வலது இடுப்பு, எனவே சுருக்கங்கள் அங்கிருந்து விரிந்து சாய்வாக இடது முழங்காலை நோக்கி இறங்கும். மேலே நெருக்கமாக, கீழே வர வர தளர்ந்து, முழங்காலுக்குக் கீழே ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். புடவைக் கொசுவம்போல இடுப்பிலிருந்து தரை வரை நேர்க்கோடுகள் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கட்டில் கொசுவம் கிடையாது. பின்பக்கமோ வழவழவென்று இருக்கும். அவருக்குப் பின்னால் நிற்கும் சிறுவனின் பார்வையிலிருந்து வரும் அடுத்த பக்கத்துப் படத்துக்கு இது உதவும்.

இடுப்பு இன்னொரு பிரச்சினை. வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம். நடுத்தர உயரமுள்ளவருக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 40 அங்குலம்கூடத் தேறாது. மிச்சத் துணியை மேல்விளிம்பில் வெளிப்பக்கமாக மடித்துச் சுருட்டித்தான் வேட்டியை நிறுத்துகிறார்கள். பெல்ட் இல்லை, நாடா இல்லை, ஊசி இல்லை. அந்தச் சுருட்டு கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக இடுப்பைச் சுற்றி ஓடும். முன்னால் வயிற்றுக்குக் கீழே சற்று இறங்கி, பின்னால் சற்று ஏறியிருக்கும். பெண்ணின் அப்பா அரைக்கைச் சட்டையை வெளியே விட்டிருப்பதால் சுருட்டு நேராகத் தெரியாது. ஆனால் சட்டையின் கீழ்ப்பகுதி அந்த இடத்தில் லேசாகப் புடைத்து நிற்கட்டும். சட்டையை மட்டும் உள்ளே செருகிவிடாதீர்கள்.

கரை பற்றி ஒரு வார்த்தை. நீளவாக்கில் இரண்டு விளிம்பிலும் கரை உண்டு. மேல்கரை சுருட்டுக்குள் போய்விடும், கீழ்க்கரை கணுக்காலைச் சுற்றி வரும். இரண்டாக மடித்த வேட்டி என்பதால் இரண்டு கரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், ஆனால் ஒருபோதும் கச்சிதமாகப் பொருந்தாது. ஒன்றுக்குக் கீழே மற்றது ஒரு விரல்கடை எட்டிப் பார்க்கும். இந்தச் சின்னப் பிசகுதான் படத்துக்கு உயிர் கொடுக்கும். அரக்கு நிறத்தில் முக்கால் அங்குலக் கரை போதும். பட்டை பட்டையாகத் தங்க ஜரிகை வைத்தால் இன்றைய கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். துணியும் நீலம் பாய்ந்த வெள்ளையாக வேண்டாம். கஞ்சி போட்ட புதுத்துணி, பழுப்பு கலந்த வெள்ளை, மடிப்புத் தடம் இன்னும் போகாதது. கீழ்விளிம்பு கணுக்கால் எலும்பைத் தொட்டு நிற்கும், தரையில் புரளாது.

அவருடைய அங்கவஸ்திரம் நாலு முழம், அதாவது ஆறடி. நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, நாலு விரல் அகலத்துக்குக் கொண்டுவந்து இடது தோளில் போட்டிருக்கிறார். சரிபாதியாகத் தொங்கினால் முன்னும் பின்னும் முழங்கால் வரை வரும். ஆனால் யாரும் அளந்து போடுவதில்லை. முன்னால் தொடை நடு வரை, பின்னால் அதைவிட நீளமாக இருக்கட்டும். தோளின் மேல் மடிப்புகள் இறுகியிருக்கும், நுனியில் விரிந்து கரை அடுக்கடுக்காகத் தெரியும். அவர் குனிந்து கும்பிடுகிறார் என்பதால் முன்தொங்கல் உடம்பைவிட்டு விலகிச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். உங்கள் படத்தில் அது நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கூடவே குனிகிறது.

எதிரே வண்டியிலிருந்து இறங்கும் மாப்பிள்ளையின் தாத்தாவுக்குச் சட்டை கிடையாது. அங்கவஸ்திரத்தை மடிக்காமல், முழு அகலமும் விரித்து முதுகைப் போர்த்தி, இரண்டு நுனிகளையும் இரு தோள் வழியாக முன்னால் விட்டிருக்கிறார். காலைக் குளிர் வேறு. ஒரு கையால் இரண்டு விளிம்பையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்திருக்கட்டும், மறுகை வண்டியின் கட்டையில். கால் தூக்கி இறங்குவதால் வலப்பக்கத் திறப்பு விலகி உள்சுற்று கொஞ்சம் தெரியும். இவருக்கு இடுப்புச் சுருட்டை மறைக்காமல் காட்டலாம், வயிறு அதன்மேல் லேசாக வழியலாம்.

வாத்தியார் பஞ்சகச்சம். இதுதான் வரைவதற்குச் சிரமம், ஆனால் அவர் பந்தலுக்குள் தள்ளி நிற்பதால் நாலைந்து அடையாளங்கள் சரியாக வந்தால் போதும். ஒன்பது முழத் துணி, ஒற்றையாகத்தான் கட்டுவார்கள். இடுப்பில் இறுக்கியபின் ஒரு பகுதியைக் கொசுவி, கால்களுக்கு நடுவே பின்னால் வாங்கி, முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிவிடுவார்கள். மீதியைக் கொசுவி முன்னால் தொப்புளருகே செருகுவார்கள். அதனால் இரண்டு காலும் தனித்தனியாகத் துணிக்குள் இருக்கும், ஆனாலும் தைத்த கால்சட்டைபோல் தெரியக்கூடாது. முன்கொசுவம் நடுவில் தொங்கி, கரை அதில் மேலும் கீழுமாக நெளியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கெண்டைக்கால் கொஞ்சம் தெரியும். எந்த முனை எந்தப் பக்கம் போகும் என்பது ஐயருக்கும் ஐயங்காருக்கும் மாறும். நம் வாத்தியார் முக்கால் பங்கு திரும்பி நிற்பதால் அந்த வம்பு நமக்கு வேண்டாம். பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றி முன்னால் ஒரு முடிச்சு போட்டிருக்கிறார், வேலை செய்யும்போது அது தோளில் நிற்காது.

நாகஸ்வரக்காரருக்கு வருகிறேன். நீங்கள் அவருக்கும் துண்டை இடுப்பில் கட்டியிருக்கிறீர்கள். பழைய புகைப்படம் எதையோ பார்த்து வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சந்நிதியில் சுவாமிக்கு முன்னால் என்றால் அது பொருந்தும். மேல்துணியை இடுப்பில் கட்டிக்கொள்வது அங்கே பணிவு. ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்களின் கல்யாணங்களில், வித்வான்களைத் தோள் துண்டை எடுக்கச் சொல்லி இடுப்பில் கட்டவைத்த காலமும் இருந்தது. அதை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தார் சண்டை போட்டிருக்கிறார்கள். 1958இல், நம் கதையில், இந்த மனிதர் அப்படி நிற்பதை நான் விரும்பவில்லை. பட்டு அங்கவஸ்திரம், அகலமான ஜரிகைக் கரை, மடித்து இடது தோளில், நன்றாகத் தெரியும்படி. ஜரிகைக்கு இந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதென்றால் அது இவருக்குத்தான். வாசிக்கும்போது முழங்கைகள் பக்கவாட்டில் விலகியிருக்கும், துணி இடது கைக்கும் விலாவுக்கும் இடையில் விழாமல் கைக்கு வெளியே தொங்கட்டும். பக்கத்தில் தவில்காரருக்கு வாரின் அழுத்தம் தோளில் இருப்பதால் அவருடைய துண்டு மட்டும் இடுப்பில், தவில் நழுவாமல் இறுக்கமாக.

கடைசியாக, வாழைக்குலை தூக்கி ஓடிவரும் இளைஞன். நாலு முழ ஒற்றை வேட்டி, மடித்துக் கட்டியது. கீழ்விளிம்பை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கி இடுப்பில் செருகியிருக்கிறான். அப்போது துணி பாதியாக மடிந்து, புது விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும், அது கரையில்லாத வெறும் மடிப்பு. கரை இப்போது இடுப்பில்தான் தெரியும். நீங்கள் முழங்காலில் கரை வரைந்திருக்கிறீர்கள், வேட்டியை வெட்டிக் குட்டையாக்கியதுபோல் ஆகிவிட்டது. தாத்தாவை அவன் அப்போதுதான் பார்க்கிறான். பெரியவர்கள் முன்னால் மடித்துக் கட்டியபடி நிற்க முடியாது, குலையோ இடது தோளில். வலக்கையை மட்டும் இடுப்புக்குக் கொண்டுபோய் ஒரு பக்கத்தை அவிழ்க்கிறான். அந்தப் பக்கத் துணி கணுக்காலுக்கு இறங்கிவிட்டது, மறுபக்கம் இன்னும் முழங்காலிலேயே இருக்கிறது. சிறுவர்கள் இந்தப் படத்தில் முதலில் கண்டுபிடிக்கப்போவது இதைத்தான், எனவே முகத்தில் பதற்றத்தையும் சேர்த்துவிடுங்கள்.

பக்க அமைப்புக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. திருப்பினால் அங்கவஸ்திரம் வலது தோளுக்குப் போகும், வேட்டியின் திறப்பு கட்டியவரின் இடப்பக்கம் வரும், வாத்தியாரின் பூணூலும் மாறிவிடும். பூணூல் வலது தோளில் வருவது நீத்தார் கடன் செய்யும்போது. கல்யாண வீட்டில் அதை வரைந்தால் தாத்தா பாட்டிமார்களிடமிருந்து கடிதம் வரும். வண்டியைத் தள்ளி வைத்து இடம் பண்ணிக்கொள்ளுங்கள். திருத்திய பென்சில் படத்தை வண்ணம் தீட்டுவதற்கு முன் வியாழக்கிழமைக்குள் அனுப்பினால், இடுப்புச் சுருட்டையும் இளைஞனின் கையையும் மட்டும் பார்த்துவிட்டு அன்றே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.